பிள்ளைக்குக் கொடுத்த வீடும் பொன்னும்

தாய் ஒருவர், இருபது ஆண்டுகளாகத் தமக்கு உரிமையாயிருக்கும் தனியார் அடுக்குமாடி வீட்டைத் தம் மகனுக்கு எழுதிக் கொடுக்கிறார் எனக் கொள்வோம். இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். வீட்டின்மேல் கடனில்லை, காசும் கைமாறவில்லை. எனினும் முத்திரை வரிச் சட்டம் இக்கொடையை விலைக்கு வாங்கியதற்கு ஒப்பாகவே கருதுகிறது. ஆவணத்தில் ஒரே ஒரு வெள்ளியை விலையாக எழுதினாலும் பயனில்லை. அன்றைய சந்தை மதிப்பின்மேல்தான் வரி கணக்கிடப்படும்.

மதிப்பு ஒரு மில்லியன் வெள்ளியாயின், முதல் 180,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2 விழுக்காடு, எஞ்சிய 640,000க்கு 3 விழுக்காடு. ஆக 24,600 வெள்ளி. சிங்கப்பூரில் கையொப்பமிட்டால் 14 நாளுக்குள் செலுத்த வேண்டும். மகனுக்கு வேறு வீடில்லையெனில் இவ்வளவே. அவர் பெயரில் முன்னரே ஒரு வீவக வீடு இருப்பின், கூடுதல் முத்திரை வரியாக 20 விழுக்காடு, அதாவது 200,000 வெள்ளி சேரும். மணமான பிள்ளைகளுக்கு வீடு கொடுக்க எண்ணுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பலரும் காணத் தவறுவது காலக்கணக்கு. 2025 ஜூலை 4 முதல் ஒருவர் உரிமை பெற்ற வீட்டை நான்கு ஆண்டுகளுக்குள் கைமாற்றினால், விற்பவர் முத்திரை வரி உண்டு: முதலாண்டில் 16 விழுக்காடு, பின்னர் 12, 8, 4. தாயின் இருபது ஆண்டு உரிமை மகனுக்குத் தொடர்வதில்லை. கொடை நாளன்று அவருக்குக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் அவ்வீட்டை ஒரு மில்லியனுக்கு விற்றால் 160,000 வெள்ளி கட்ட நேரும். தாயே விற்றுப் பணத்தைக் கொடுத்திருப்பின், மேற்சொன்ன வரிகளுள் எதுவும் குடும்பத்தின்மேல் விழுந்திராது. மகனுக்கு வேண்டியது வீடா, பணமா என்று முன்னரே தெளிவது நன்று.

பொன்னின் நிலை வேறு. சிராங்கூன் சாலையில் வாங்கிய சங்கிலியை மகளுக்கு அணிவித்தால் முத்திரை வரியில்லை. மூலதன ஆதாய வரி இந்நாட்டில் இல்லாமையால், வாங்கிய விலையை இங்கு எவரும் கேட்பதில்லை. ஆனால் அம்மகள் சென்னையில் குடியிருப்பவராகி, அங்கே அதை விற்றால், இந்திய வருமானவரிச் சட்டம் பழைய கணக்கைத் தொடர்கிறது. தாய் கொடுத்த விலையே மகளின் அடக்கவிலை. தாய் வைத்திருந்த காலமும் மகளுடையதே. தாய் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு ஈடான விலையில் வாங்கியது, இன்று ஒன்பது இலட்சத்துக்கு விற்கிறது எனின் ஆதாயம் ஏழு இலட்சம். இருவர் காலமும் சேர்ந்து 24 மாதங்களைக் கடந்தால் 12.5 விழுக்காடு, அதாவது 87,500 ரூபாய் வரி, மேல்வரி தனி. மகளிடம் சங்கிலி ஆறே மாதம் இருந்திருப்பினும் இதில் மாற்றமில்லை.

ஆகவே பொன்னோடு கடைச் சீட்டும் மகளிடம் சேர வேண்டும். தேதியும் விலையும் அதில்தான் உள்ளன. அது இல்லையெனில் அந்த இரண்டு இலட்சத்தையும் தாய் வைத்திருந்த ஆண்டுகளையும் வரி அதிகாரியிடம் மெய்ப்பிப்பது கடினம்.