பொடுகு ஷாம்பு வாங்குமுன் புட்டியின் பின்பக்கம்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் பொடுகு ஷாம்பு மருந்தகத்திலும் கிடைக்கும், மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஊருக்குப் போய்வந்தவர்களின் பெட்டியிலும் ஒன்றிரண்டு வரும். எல்லாப் புட்டியின் முன்பக்கமும் ‘பொடுகு போகும்’ என்றே சொல்கிறது. எது எப்படிப் போக்கும் என்பது பின்பக்கச் சிறு எழுத்தில்தான் இருக்கிறது.

பொடுகுக்குப் பெரும்பாலும் காரணம் எல்லோர் தலையிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை. அதற்கு எண்ணெய்ப் பசைதான் உணவு. பொடுகு என்றதும் நம் வீடுகளில் எண்ணெயை அழுத்தித் தேய்க்கிறோம். செதில் படிந்துவிடுவதால் குறைந்ததுபோல் தெரியும், ஆனால் பூஞ்சைக்குத் தீனி கிடைத்துவிடும்.

மூலப்பொருள் பட்டியலின் தொடக்கத்தில், தண்ணீருக்கு அடுத்தாற்போல் வருவது பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட் அல்லது சோடியம் லாரில் சல்பேட். அளவில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது பட்டியலின் விதி. நுரை தருவதும் அழுக்கையும் எண்ணெயையும் கழுவுவதும் இவற்றின் வேலை. பொடுகுக்கு இவை மருந்தல்ல. லாரில் வகை சிலருக்கு உச்சந்தலையை வறட்டி அரிப்பைக் கூட்டும். லாரெத் கொஞ்சம் மென்மையானது. ‘சல்பேட் இல்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் வறண்ட தலைக்கும் சாயம் பூசிய முடிக்கும் அது உதவலாம். பூஞ்சையை அது தொடாது. பூஞ்சைக்கு மருந்தான கீட்டோகோனசோல் ஷாம்பு பலவற்றிலும் சல்பேட் இருக்கிறது.

பூஞ்சையைத் தாக்குபவை பட்டியலில் வரும் வேறு மூன்று பொருள்கள். சிங்க் பைரிதியோன் அன்றாடப் பொடுகு ஷாம்புகளில் வருவது. லேசான பொடுகுக்குப் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது உண்மை. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தப்பட்டதும், மாற்றுப் பொருள்கள் இருந்ததும் காரணம். ஆனால் கழுவிவிடும் ஷாம்பில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றுதான் ஒன்றியத்தின் அறிவியல் குழு அதற்கு முன்பு சொல்லியிருந்தது. வீட்டிலுள்ள புட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

செலினியம் சல்பைட் அதைவிடக் கடுமையானது. பூஞ்சையைக் குறைப்பதோடு தோல் செல்கள் உதிரும் வேகத்தையும் தணிக்கும். சதவீதத்தைப் பாருங்கள்: அழகுசாதனத்தில் 1 சதவீதம்தான் உச்சவரம்பு, 2.5 சதவீதம் என்றால் அது மருந்து. தலையில் ஊற்றும் முன் மோதிரத்தையும் தோட்டையும் கழற்றி வையுங்கள், நகை கறுக்கும். சாயம் பூசிய முடியும் நிறம் மாறலாம். புண்ணான தலையில் போடக்கூடாது.

கீட்டோகோனசோல் பூஞ்சையின் மேலுறை உருவாவதையே தடுக்கிறது. வழக்கமாக 2 சதவீதம், வாரம் இரு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். நுரைத்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். போட்டவுடன் அலசிவிட்டு ‘இது கேட்கவில்லை’ என்று அடுத்த புட்டிக்குத் தாவுகிறார்கள்.

இப்போது சென்னையிலிருந்து வந்த ஒரு புட்டியைக் கையில் எடுப்போம். கீட்டோகோனசோல் 2 சதவீதம், சிங்க் பைரிதியோன் 1 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. இந்தியாவில் இந்தக் கூட்டு சாதாரணம். ஆனால் கீட்டோகோனசோல் இருந்தால் மலேசியாவில் அது மருந்து. விற்க வேண்டுமென்றால் MAL என்று தொடங்கும் பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும். அழகுசாதனம் என்றால், உள்நாட்டில் அதற்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லாத புட்டியைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். அது போலியாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதை இங்கே யாரும் சரிபார்க்கவில்லை, ஏதாவது ஆனால் கேட்க ஆளும் இல்லை. எண் இருந்தாலும் சந்தேகமென்றால் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் npra.gov.my தளத்தில் பெயரையோ எண்ணையோ தட்டித் தேடலாம்.

நான்கு வாரமாகியும் குறையவில்லை என்றால் அது பொடுகாக இல்லாமல் இருக்கலாம். குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டினால் அது படையாக இருக்கக்கூடும். அதற்கு வாய்வழி மருந்து வேண்டும், ஷாம்பு மட்டும் குணமாக்காது. தடித்த வெள்ளிச் செதில் மயிர்க்கோட்டைத் தாண்டி நெற்றிக்கு வந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். இரண்டுக்கும் கிளினிக் போக வேண்டும்.

எரிச்சலோ வீக்கமோ வந்தால் உடனே நிறுத்தி, தலையை அலசுங்கள். புட்டியையும் ரசீதையும் எறியாதீர்கள். பக்கவிளைவை மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்குப் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்க மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது: கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், கோரிக்கையின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் உடலுக்கு நேர்ந்த காயத்துக்கான இழப்பீட்டை அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது. ஷாம்பின் விலையை அங்கே கேட்கலாம். வெந்துபோன உச்சந்தலைக்கு இழப்பீடு வேண்டுமென்றால் வழக்கமான நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே மருத்துவரின் அறிக்கையும் அந்தப் புட்டியும் கேட்கப்படும்.