வாந்தி, பேதி வந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது?

சர்க்கரை நோயாளி ஒருவர் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டால், வீட்டில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒரு வீட்டில், "சோறு இறங்கலைன்னா பரவாயில்லை, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று எல்லா மாத்திரையையும் விழுங்க வைக்கிறார்கள். இன்னொரு வீட்டில், "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?" என்று இன்சுலினையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே மருத்துவமனையில் கொண்டுபோய் விடக்கூடியவை.

உடல்நிலை சரியில்லாத நாட்களில் எதைத் தற்காலிகமாக நிறுத்துவது, எதைத் தொடர்வது, நிறுத்தியதை எப்போது மறுபடி தொடங்குவது என்பதற்கு மருத்துவர்களிடம் ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 'சிக் டே ரூல்ஸ்' என்பார்கள். 2020-ல் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, விலை குறைந்தது. அதன்பின் இந்த வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் பெருகியிருப்பதால், இந்த விதிகள் முன்பைவிட அதிகம் பேருக்குத் தேவைப்படுகின்றன.

சிறுநீரகத்தைக் காப்பதே சுமையாவது எப்படி?

சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் ரத்தம் ஓர் அழுத்தத்தோடு நுழைந்து வெளியேறுகிறது. சர்க்கரை நோயில் அந்த அழுத்தம் அளவுக்கு மீறி, வடிகட்டிகள் மெல்லச் சிதைகின்றன. டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற 'சார்டான்' மாத்திரைகளும், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற 'ப்ரில்' மாத்திரைகளும் ரத்தம் வெளியேறும் பக்கத்துக் குழாயைத் தளர்த்தி அந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. சாதாரண நாளில் இதுதான் பாதுகாப்பு.

வாந்தியிலும் பேதியிலும் உடல் நீரை இழக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமே குறைந்துவிடுவதால், இருக்கிற அழுத்தத்தைத் தக்கவைக்க உடல் அந்த வெளியேறும் குழாயை இறுக்கப் பார்க்கும். மாத்திரை அதை இறுக்க விடாது. ஆகவே வடிகட்டல் சட்டென்று சரியும், ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறும். கூடவே குளோர்தாலிடோன், ஃப்யூரோசெமைடு போன்ற நீர் மாத்திரை இருந்தால், வற்றிய உடலிலிருந்து மேலும் நீர் போகும். உடல்வலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போட்டால், ரத்தம் உள்ளே வரும் பக்கத்துக் குழாயும் சுருங்கும். சார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நாளில் சேர்வதுதான் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் கூட்டு.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது உடலைவிட்டு வெளியேறும் வழி சிறுநீரகம்தான். வழி அடைபட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கும். அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவற்றின் சிக்கல் வேறு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை இன்சுலினைச் சுரக்க வைப்பதால், வெறும் வயிற்றில் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

சர்க்கரை கூடாமலே வரும் ஆபத்து

'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. சிறுநீரக நோய் முற்றுவதையும் இதயச் செயலிழப்பையும் குறைப்பதால், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக்கூட இப்போது எழுதித் தருகிறார்கள்.

காய்ச்சலில் சாப்பாடு இறங்காதபோதும் இந்த மாத்திரை சர்க்கரையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எரிக்கச் சர்க்கரை போதாமல், இன்சுலினும் குறைவாக இருந்தால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும். வழக்கமான கீட்டோ அமிலத்தன்மையில் சர்க்கரை 300, 400 என்று ஏறி நம்மை எச்சரிக்கும். இங்கோ உபரிச் சர்க்கரை சிறுநீரில் போய்விடுவதால், குளுக்கோமீட்டர் 160, 180 என்றே காட்டலாம். "சர்க்கரை நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டார் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்தது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கீட்டோன் ஏறினாலே குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். முதலில் வந்த வாந்தி கெட்ட சாப்பாட்டினால் இருக்கலாம். அடுத்த நாளும் நிற்காத வாந்தி கீட்டோனால் இருக்கலாம். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினால், கீட்டோனைச் சந்தேகிக்க வேண்டும். விரல் நுனி ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவி இருந்தால், 0.6-க்குக் கீழே இயல்பு. 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். 3 என்றால் அவசர சிகிச்சை. அது இல்லாதவர்கள் சிறுநீரில் கீட்டோன் காட்டும் பட்டையைப் பயன்படுத்தலாம். சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதால் பயனில்லை, இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது எப்போதும் இருக்கும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம்

வயது 62. இன்சுலின் இல்லை. காலையில் டெல்மிசார்டானும் குளோர்தாலிடோனும் சேர்ந்த ஒரு மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம், ஆஸ்பிரின் 75. காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. இரவில் கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின். சனிக்கிழமை இரவு கல்யாணச் சாப்பாடு. நள்ளிரவுக்குப் பின் மூன்று முறை வாந்தி, ஐந்து முறை பேதி. ஞாயிறு காலை சர்க்கரை 168.

அவர் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை அட்டையின் பின்பக்கம். இந்தியாவில் பல மாத்திரைகள் கூட்டு மாத்திரைகள் என்பதால், கடைப்பெயரை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இவர் சாப்பிடும் ஐந்தில் மூன்றை ஞாயிறன்று நிறுத்த வேண்டும்: ரத்த அழுத்த மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின்-கிளிமிபிரைடு. ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாடினும் வயிற்றில் தங்குமானால் தொடரலாம். காய்ச்சலும் வலியும் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு பரவும் மழைக்காலத்தில் வலி மாத்திரையைத் தவிர்க்க ரத்தக்கசிவு இன்னொரு காரணம்.

அடுத்தது நீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதையும் கரைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு வாய், ஒரு வாயாகக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ஒரு டம்ளர். "அதில் குளுக்கோஸ் இருக்கே" என்று பயப்படத் தேவையில்லை. லிட்டருக்கு 13.5 கிராம்தான், உப்பைக் குடல் உறிஞ்ச அது வேண்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் தேவை. மாவுச்சத்து உள்ளே போனால்தான் கீட்டோன் அடங்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்கும் சார்டான் சாப்பிடுகிறவர்களுக்கும் நீரிழப்பு நேரத்தில் அது ஏற்றதல்ல. நான்கு மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும்.

இவர் இன்சுலின் போடுகிறவராக இருந்தால் ஒரு விதி மாறாது: நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை சர்க்கரை அளவைச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் அதையும் நிறுத்தக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நீர் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல், எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் கேட்பது நல்லது.

எப்போது மறுபடி?

ஞாயிறு மாலை இவருக்கு வாந்தி நின்றது. திங்கள் மதியம் ரசம் சாதமும் மோரும் வழக்கம்போல இறங்கின. கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. வாந்தி நின்ற நேரத்திலிருந்து அல்ல. வழக்கம்போல் சாப்பிட்டு, குடித்து, 24 முதல் 48 மணி நேரம் கழிந்தபின் மாத்திரைகளைத் தொடங்கலாம். இவர் புதன் காலை, ரத்த அழுத்தம் 100-க்குக் கீழே இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழைய அளவிலேயே மூன்றையும் தொடங்குகிறார். விட்டுப்போன நாட்களுக்காக இரட்டை அளவு போடக் கூடாது. அழுத்தம் தாழ்ந்திருந்தாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ, மருத்துவரைக் கேட்டபின்தான். கீட்டோ அமிலத்தன்மை வந்து மீண்டவர், ஃப்ளோசினை மருத்துவர் சொல்லாமல் மறுபடி தொடவே கூடாது. மருத்துவமனையில் சேர்ந்து ட்ரிப்ஸ் ஏற்றியவர் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தபின் தொடங்குவதே சரி.

நிறுத்தியதை மறப்பதும் நிறுத்தாமல் விட்டதைப் போலவே கெடுதல். "இரண்டு வாரமா சாப்பிடலை, நல்லாத்தான் இருக்கேன்" என்பவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே நிறுத்திய நாளையும் தொடங்க வேண்டிய நாளையும் காலண்டரில் எழுதிவிடுவது நல்லது.

எல்லாக் காய்ச்சலுக்கும் இது பொருந்தாது. சளி, லேசான காய்ச்சல், ஒரே ஒரு வாந்தி. ஆனால் சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல் இறங்குகின்றன என்றால் மாத்திரைகளைத் தொடர்வதே சரி. இந்த விதிகள் பெரும்பாலும் நிபுணர்களின் பொதுக்கருத்தில் உருவானவை; பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டவை அல்ல. அதனால்தான் தேவையில்லாமல் நிறுத்துவதை மருத்துவர்கள் விரும்புவதில்லை.

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், மூச்சு வாங்கினாலும், குழப்பமாகப் பேசினாலும், சர்க்கரை 70-க்குக் கீழே வந்து ஏற மறுத்தாலும், 300-க்கு மேல் நின்றாலும், வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு நாளில் தேறாவிட்டாலும் அப்படியே.

ஸ்காட்லாந்தின் ஹைலாந்து பகுதியில் 2013 முதல் நோயாளிகளுக்கு இந்த விதிகளைச் சிறு அட்டையாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். நமக்கு அச்சடித்த அட்டை வேண்டியதில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். "வாந்தி, பேதி வந்தால் இவற்றில் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது?" என்று கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.