சாவி பெறுமுன் ஒரு நீர்ச்சோதனை

புனே-நாசிக் சாலையிலுள்ள சாகணில், தொழிற்பேட்டையைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளில் வீடு வாங்குவோருக்கு ஒருநாள் கட்டுநரிடமிருந்து அழைப்பு வரும். வீடு முடிந்தது, வந்து பார்த்துச் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதே செய்தி. அன்று கையொப்பமிடும் தாளை இவ்வூரார் 'தாபா' பத்திரம் என்பர். 'வீட்டைப் பார்வையிட்டோம், குறையேதும் இல்லை' என்ற பொருளில் ஒரு வரி அதில் இருப்பது வழக்கம். அவ்வரிக்குக் கீழே கையெழுத்திடுமுன் குறைப்பட்டியல் ஒன்றை நம் கையாலேயே எழுதிவிட வேண்டும்.

பட்டியலை நீரிலிருந்து தொடங்குவதே முறை. சுவர் வண்ணத்தையும் கதவையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். குளியலறைத் தரை கசிகிறதா என்பதை அறிய ஒரு முழு நாள் வேண்டும். சாவி பெறுமுன் கீழ்வீடும் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆகவே அதன் கூரையை அண்ணாந்து பார்ப்பது அப்போது எளிது. பிற்பாடு அது வேறொருவர் வாழும் இல்லமாகிவிடும்.

சாகணில் இரண்டாம் மாடியில் வீடு வாங்கிய நம் நண்பர் ஒருவர்க்காக நாம் உடன் சென்று இதனைச் செய்தோம். வடிகுழியின் வாயைத் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்தோம். வாயிற்படியில் களிமண் அணை கட்டி, தரையின் மேடான பகுதியிலும் ஓர் அங்குலம் நிற்குமாறு நீர் நிரப்பினோம். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துக் கதவைச் சாத்தினோம். நீர் நின்றவாறு இருக்க, மற்ற அறைகளைப் பார்வையிட்டோம். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், அடியில் சிமிட்டி நிரம்பிய ஓடு கெட்டியாக ஒலிக்கும். நிரம்பாத ஓடு வெற்றுக்குடம் போல ஒலிக்கும். கனத்த பீரோவின் கால் அதன் மேல் ஊன்றினால் உடைந்துபோகலாம். அத்தகைய ஓடுகளில் சுண்ணக்கட்டியால் குறியிட்டோம்.

மறுநாள் அதே வேளையில் சென்றோம். பென்சில் கோட்டிலிருந்து நீர் சிறிது தாழ்ந்திருந்தது. அதனால் மட்டும் கசிவு என்று சொல்லிவிட முடியாது. காற்றில் சிறிது உலரும், அடைப்பின் வழியே சிறிது வடியும். கீழ்வீட்டின் கூரையே உண்மையைச் சொல்லும். அங்கே குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவு ஓதம் படர்ந்திருந்தது. 'ஓல்' என்று மராத்தியில் சொன்னவுடன் மேற்பார்வையாளருக்கு விளங்கியது.

'குளியலறை சரியில்லை' என்று எழுதினால் பயனில்லை. நாம் எழுதியது இவ்வாறு: 'எண் 1. பொதுக்குளியலறை. 24 மணி நேர நீர்ச்சோதனையில் கீழ்வீட்டுக் கூரையில் குழாயைச் சுற்றி ஓதம். கசியும் இடத்தைத் திறந்து அடைத்து, மீண்டும் நீர் நிறுத்திக் காட்ட வேண்டும்.' அறை, இடம், கண்டது, செய்ய வேண்டியது, முடிக்கும் நாள் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு வரியிலும் இருந்தன. பட்டியலின் இரு படிகளிலும் இரு தரப்பாரும் கையொப்பமிட்டனர்.

ஒரு வாரம் கழித்து, சரியாகிவிட்டது என்றார்கள். கீழ்க்கூரையில் புது வெள்ளை பூசியிருந்தது. ஓடுகளின் இடுக்குகளில் வெள்ளைச் சிமிட்டி தேய்த்திருந்தது. இறுதிப் பார்வையைக் கண்ணோடு முடித்துவிடாது, முதற் சோதனையையே திரும்பச் செய்ய வேண்டும் என்பதன் காரணம் அங்கே விளங்கிற்று. மீண்டும் நீர் நிறுத்தினோம், மறுநாள் அதே இடத்தில் ஓதம் கண்டது. பிறகே வடிகுழியைச் சுற்றியிருந்த ஓடுகளைப் பெயர்த்தார்கள். குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அடைக்கப்படாத இடைவெளி இருந்தது. அதனை அடைத்து, நீர்தாங்கும் பூச்சும் இட்டு, ஓடு பதித்தார்கள். மூன்றாம் சோதனையை 48 மணி நேரம் வைத்தோம். கூரை உலர்ந்தே இருந்தது. அதன் பின்னரே அவ்வரியை அடித்தோம்.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 14-ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த நாள் முதல் 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்திறக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். கசிவு பின்னர் தோன்றினும் இது கைகொடுக்கும். ஆயின் உடைந்த ஓடு, கீறிய கண்ணாடி, நசுங்கிய குழாய்த்திருகு போன்றவை குடியேறிய பின் யாரால் நேர்ந்தவை என்று எவராலும் காட்ட இயலாது. அவற்றைச் சாவி பெறுமுன்னரே எழுதினால்தான் உண்டு.

சிறு குறைகள் சில எஞ்சியிருக்கையில் குடியேற நேர்ந்தால், 'இணைத்துள்ள பட்டியலுக்கு உட்பட்டு' என்று தாபா பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிடுக. ஆனால் 'போக்வடா' எனப்படும் குடியேற்றச் சான்றிதழைக் கண்ணால் காணாமல் அதனையும் செய்யற்க. பட்டியலின் ஒரு படியை அச்சான்றிதழோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்க.