அரை சதவீதம் தப்பினால் ஒன்றரை

மேசைமேல் ஓர் எஃகுக் குண்டு. வெர்னியர் அளவியில் விட்டம் 40.2 மில்லிமீட்டர் என்று வருகிறது. பத்து முறை அளந்தாலும் அதேதான். ஆனால் குண்டை எடுத்துவிட்டுத் தாடைகளை மூடிப் பார்த்தால் அளவி 0.2 காட்டுகிறது! சுழிப் பிழை. உண்மையான விட்டம் 40, ஆரம் 20. நாம் எழுதிவைத்த ஆரமோ 20.1. இந்த 0.1 மி.மீ. தவறு, அதாவது அரை சதவீதம், கன அளவில் எவ்வளவு குழப்பம் செய்யும்?

இரண்டு ஆரத்துக்கும் தனித்தனியே கன அளவு கண்டு கழிக்கலாம். அதைவிட எளிய வழியை வகையீடு தருகிறது. ஆரம் கொஞ்சம் கூடுவது, கோளத்தின்மேல் மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்துவது போன்றது. அந்தத் தோலின் கன அளவு, பரப்பளவைத் தடிமனால் பெருக்கினால் கிட்டும்:

dV = 4πr² dr

ஆரம் 20-க்குப் பரப்பளவு ஏறத்தாழ 5,027 சதுர மி.மீ.; தடிமன் 0.1. எனவே தோல் சுமார் 503 கன மி.மீ., அதாவது அரை மில்லிலிட்டர். இதை மொத்தக் கன அளவான 4πr³/3-ஆல் வகுத்தால் π உட்பட எல்லாம் அடிபட்டுப்போய், மிஞ்சுவது இவ்வளவுதான்:

dV/V = 3 (dr/r)

ஆரத்தின் சார் பிழை அரை சதவீதம் என்றால், கன அளவின் சார் பிழை ஒன்றரை சதவீதம். அந்த 3, r-இன் அடுக்கிலிருந்து வருகிறது. குண்டு கடுகளவானாலும் கோயில் கலசமளவானாலும் அது மாறாது.

நேரடியாகக் கணக்கிட்டால் 1.5 அல்ல, 1.5075 சதவீதம். தோலின் வெளிப்புறம் உட்புறத்தைவிடச் சற்றே பெரிது. அதை நாம் கண்டுகொள்ளவில்லை. இங்கே அது பொருட்டல்ல. ஆரத்தில் 20 சதவீதம் தவறினால் நிலைமை வேறு: வகையீடு 60 என்னும், உண்மையோ 72.8. அது தோலல்ல, தடித்த ஓடு.

இந்தப் பிழை இருப்பதே தெரியாமல் போயிருந்தால்? தராசு காட்டிக்கொடுக்கும். எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.8 கிராம் என்று கொண்டால், தவறான ஆரத்தின்படி குண்டு 265 கிராம் இருக்க வேண்டும். தராசில் 261-தான் நிற்கும். அடர்த்தியை உறுதியாக அறிந்திருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2019 மே 20 முதல் கிலோகிராமுக்குப் புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த ஆய்வுகளில் ஒன்று, ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கான் கோளத்தில் எத்தனை அணுக்கள் என்று எண்ணியது. விட்டம் ஏறத்தாழ 94 மி.மீ. அதன் கன அளவு 10 கோடியில் 2 பங்குக்குள் சரியாக வேண்டுமானால், அந்த 3 இங்கும் குறுக்கே வரும்: விட்டம் மூன்று மடங்கு கறாராக வேண்டும். கணக்குப் போட்டால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.6 நானோமீட்டர். சிலிக்கானில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள தூரமே 0.235 நானோமீட்டர்!