அலுவலகத்துக்கு எத்தனை டன் ஏசி?

"சதுர அடி எவ்வளவு சார்?" புது அலுவலகத்துக்கு ஏசி போட ஆள் வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். 3,000 என்றதும், 150 சதுர அடிக்கு ஒரு டன் என்று வகுத்து, 20 டன் என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறைக்குள் எவ்வளவு வெப்பம் சேருகிறது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதை எண்ணுவதைத்தான் தொழிலில் ஹீட் லோடு கணக்கு என்கிறார்கள்.

சென்னையில் ஒரு கட்டடத்தின் நடுமாடியை எடுத்துக்கொள்வோம். 3,000 சதுர அடி, 30 பேர். மேற்கே பார்த்து 30 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் ஏசி ஓடுவதால் கூரை வழியாகவோ தரை வழியாகவோ வெப்பம் வராது. இதுவே மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால் கணக்கு வேறு. வெளியே 38 டிகிரி, உள்ளே 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் சுமார் 130 வாட் வெப்பம் விடுகிறார். 30 பேருக்கு 3.9 கிலோவாட். எல்.இ.டி. விளக்குகள் 2.2. கணினிகளும் பிரின்டரும் சேர்ந்து 4. கணினியில்தான் பலர் தவறுகிறார்கள். பெட்டியின் பின்னால் 450 வாட் என்று எழுதியிருப்பதை அப்படியே 30 ஆல் பெருக்கிவிடுகிறார்கள். மானிட்டரையும் சேர்த்தாலும், சாதாரண அலுவலக வேலையில் அது இழுப்பது 120 வாட் அளவுதான்.

அடுத்தது கண்ணாடி. மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று கொண்டால், சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அதுவே 14.4 கிலோவாட். வெளிச்சூடு கண்ணாடி வழியே கடத்தப்படுவது இன்னொரு 2.4. முப்பது பேரும் அவர்களுடைய கணினிகளும் விளக்குகளும் சேர்ந்து தரும் வெப்பத்தைவிட இந்த ஒரு கண்ணாடிச் சுவர் தருவது அதிகம். மற்ற மேற்குச் சுவர் சுமார் 1 கிலோவாட்.

கடைசியாக வெளிக்காற்று. மூச்சுமுட்டாமல் இருக்க இந்த மாடிக்கு வினாடிக்கு 160 லிட்டர் புதுக்காற்று வேண்டும். அதைக் குளிர்விக்க 8 கிலோவாட் போகிறது. இதில் பாதிக்கும் மேல் சூட்டைத் தணிக்க அல்ல, ஈரத்தைப் பிழிந்தெடுக்க. கடற்கரை ஊரின் காற்றிலிருந்து மணிக்கு ஏழு லிட்டர் தண்ணீரை ஏசி வடித்தாக வேண்டும்.

கூட்டினால் சுமார் 36 கிலோவாட். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் என்பதால், 10 டன்னுக்குச் சற்று மேல். இருபதில் பாதி!

பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நல்லதல்ல. அளவுக்கு மீறிய ஏசி சில நிமிடங்களில் 24 டிகிரியைத் தொட்டு நின்றுவிடும். ஈரம் வடிய நேரம் கிடைக்காது. கம்ப்ரசர் அடிக்கடி நின்று ஓடுவதும், அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுப்பதும், காகிதம் நமுத்துப் பூசண வாடை வருவதும் இதன் அடையாளங்கள். உடனே தெர்மோஸ்டாட்டை 20-க்கு இறக்குகிறார்கள். மின்கட்டணம் ஏறுகிறது.

இந்த 36-ம் மாலை நான்கு மணிக்கான கணக்கு. கண்ணாடி கிழக்கே இருந்தால் உச்சம் காலையில் வரும். இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது என்று இரண்டின் உச்சத்தையும் கூட்டுவது தவறு, சூரியன் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்பதில்லை. அதேபோல, ஆள் கணக்கில் பத்து சதவீதம், கண்ணாடிக்குப் பத்து சதவீதம், கடைசியில் மொத்தத்துக்குப் பத்து சதவீதம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் 'சேஃப்டி' சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கையிருப்பு வேண்டுமென்றால் இறுதியில் ஒரே ஒருமுறை சேர்த்தால் போதும்.

இனி வெயிலில் 30 சதவீதத்தை மட்டும் விடும் கண்ணாடியை மாட்டிப் பார்ப்போம். 14.4 என்பது 5.4 ஆகிறது, மொத்தம் ஏழரை டன்னுக்கு இறங்குகிறது. 11 டன் இயந்திரம் வாங்க வேண்டிய இடத்தில் 8.5 டன் போதும். ஏசிக்கு விலை கேட்பதற்கு முன்பே கண்ணாடியை முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

கேட்டலாக்கில் இருக்கும் டன் பொதுவாக வெளியே 35, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் அளந்தது. 38-லும் 24-லும் அது குறையும். அந்த நிலைக்கான அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கொட்டேஷனோடு ஹீட் லோடு தாளையும் கேளுங்கள். எத்தனை ஆள், எந்தக் கண்ணாடி, எவ்வளவு வெளிக்காற்று, எந்த நேரம் என்ற நான்கும் அதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.