உஷார்! கந்தோரில் இருந்து கீறிய படத்தை நம்பிச் சோதிக்காதீர்கள்

குருநகர் கடற்கரை வீதியிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியல் டிப்ளோமா படிக்கும் பிள்ளைகளே, இது முதலில் உங்களுக்கு. நாளைக்குப் பயிற்சிக்காக ஒரு சங்கத்துக்கோ கம்பனிக்கோ கணக்காய்வுக் குழுவோடு போவீர்கள். போன முதல் நாளே உங்கள் கையில் இரண்டு தாள் தரப்படும். ஒன்று, அந்த இடத்தின் வேலை எப்படி நடக்கிறது என்று காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படம். மற்றது, ‘ஆம்’, ‘இல்லை’ என்று நிரப்பிய உள்ளகக் கட்டுப்பாட்டு வினாக்கொத்து. இரண்டும் போன வருடக் கோப்பிலிருந்து எடுத்ததாக இருக்கும். “திகதியை மாத்திப்போட்டுச் சோதனையைத் தொடங்குங்கோ” என்பார்கள்.

தொடங்காதீர்கள்! அந்தப் படம் பிழையென்றால், நீங்கள் செய்யும் சோதனை எதையும் பிடிக்காது. அதைவிடக் கேடு, எல்லாம் சரியென்று உங்கள் கையெழுத்தோடு சான்றும் சொல்லிவிடும்.

எப்படி என்று உங்கள் கண்ணுக்கு முன்னாலுள்ள இறங்குதுறையை வைத்தே பார்ப்போம். ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வள்ளங்கள் கரைக்கு வருகின்றன. சங்கத்தின் தராசில் நண்டும் இறாலும் கணவாயும் நிறுக்கப்படுகின்றன. எழுதுநர் நிறைச் சிட்டை எழுதுகிறார். அதில் காபன் வைத்து மூன்று பிரதி: ஒன்று தொழிலாளிக்கு, ஒன்று காசாளருக்கு, ஒன்று கோப்புக்கு. பிறகு ஏலம் கூறப்படுகிறது. வியாபாரி காசு கட்டுகிறார். சங்கம் 5 வீதம் கழிவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறது.

முகாமையாளர் கந்தோரில் இருந்து இப்படித்தான் சொல்வார். நீங்களும் அதைக் கேட்டுப் படம் கீறுவீர்கள். வினாக்கொத்தில் “சிட்டைகளுக்கு முன்னரே இலக்கம் அச்சிடப்பட்டுள்ளதா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’. “இலக்க வரிசை சரிபார்க்கப்படுகிறதா?” என்பதற்கும் ‘ஆம்’. அவர் பொய் சொல்லவில்லை. விதி எப்படியோ அப்படியே சொன்னார். பிறகு நீங்கள் 25 சிட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றும் காசுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். 25உம் ஏறியிருக்கும். இலக்கமும் விடுபடாது. ‘கட்டுப்பாடு திருப்தி’ என்று எழுதிவிடுவீர்கள்.

இப்போது விடிய ஐந்து மணிக்கு அதே துறையில் போய் நில்லுங்கள். ஐந்தாறு வள்ளம் ஒன்றாக வந்துவிட்டன. ஐஸ் கரைகிறது, வியாபாரிகள் அவசரப்படுகிறார்கள். எழுதுநருக்குச் சிட்டை எழுத நேரமில்லை. நிறையை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்கிறார், சிட்டையைப் பிறகு ஆறுதலாக எழுதுகிறார். காசாளர் எட்டு மணிக்குத்தான் வருவார். அதனால் அதுவரை காசையும் எழுதுநரே வாங்கி வைக்கிறார். அன்று ஏலம் கூறியவரின் கொப்பியில் 41 கூறல். எழுதப்பட்ட சிட்டை 38. மூன்று கூறலின் மீனும் காசும் புத்தகத்துக்கு வரவேயில்லை.

இலக்கம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? இந்த இடத்தில்தான் கூடக் கவனம் வேண்டும். இலக்கமிட்ட சிட்டைப் புத்தகம், கிழித்தெறிந்த சிட்டையைத்தான் காட்டிக்கொடுக்கும். எழுதாத சிட்டையை அதால் காட்ட முடியாது. அந்த மூன்று கூறலுக்கும் சிட்டையே இல்லை, ஆகவே வரிசையில் இடைவெளியும் இல்லை. சிட்டையிலிருந்து தொடங்கும் எந்தச் சோதனையும், 25 எடுத்தாலும் 250 எடுத்தாலும், அந்த மூன்றையும் தொடாது. பிழை மாதிரியின் அளவில் இல்லை. எழுதுநரின் கொப்பியையும் ஏலம் கூறியவரின் கொப்பியையும் உங்கள் படம் காட்டாததில்தான் பிழை.

இது மரபுக்காகச் சொல்லும் அறிவுரையும் அல்ல. கணக்காய்வு நியமம் 315 இதைத் தெளிவாகவே கேட்கிறது. கட்டுப்பாடு உண்மையில் நடைமுறையில் இருக்கிறதா என்று தீர்மானிக்க, ஊழியர்களிடம் விசாரிப்பது மட்டும் போதாது. அதற்கு மேலாக வேறு நடவடிக்கையும் செய்ய வேண்டும். முகாமையாளரின் ‘ஆம்’ மட்டும் இருக்கும் வினாக்கொத்து, அரைவாசி வேலைதான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், தாளைப் பின்தொடராதீர்கள், மீனைப் பின்தொடருங்கள். ஒரு கூடை நண்டு வள்ளத்திலிருந்து இறங்கும் நேரம் தொடங்கி, அதன் காசு வங்கிக்குப் போகும்வரை கூடவே நடவுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வேலை செய்கிறவரிடமே, “அடுத்து என்ன செய்வீங்கள் அண்ணை? நேற்றையதைக் காட்டுங்கோ” என்று கேளுங்கள். “வழமையாக என்ன செய்வீர்கள்” என்று கேட்டால் விதிதான் பதிலாக வரும். நேற்றையதைக் கேட்டால் கொப்பி வெளியே வரும்.

அடுத்தது, படத்தை ஆட்களின் நிரல்களாகக் கீறுங்கள்: நிறுப்பவர், எழுதுநர், ஏலம் கூறுபவர், காசாளர் என்று ஆளுக்கொரு நிரல். பதவிப் பெயரை அல்ல, அந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்யும் ஆளை எழுதுங்கள். அப்போதுதான், விடிய ஐந்து முதல் எட்டு வரை எழுதுநரும் காசாளரும் ஒரே ஆள் என்பது கண்ணில் படும். 1995இல் பெயரிங்ஸ் வங்கி விழுந்ததும் இந்த இடத்தில்தான். சிங்கப்பூரில் நிக் லீசன் வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கைத் தீர்க்கும் பகுதியும் அவர் கையிலேயே இருந்தது. அதை 1994இலேயே வங்கியின் உள்ளகக் கணக்காய்வு சொல்லியிருந்தது. நிரல் இரண்டையும் பிரிக்காமலே விட்டார்கள். 827 மில்லியன் பவுண் போனது.

கீறி முடித்த படத்தையும் ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். மூன்று பிரதியில் ஒன்று எங்கே முடிகிறதென்று கோடு காட்டவில்லையா? அந்தப் பிரதியை ஒருவரும் பார்ப்பதில்லை என்று அர்த்தம். முடிவெடுக்கும் சாய்சதுரத்திலிருந்து ‘ஆம்’ என்ற ஒரு வழிதான் போகிறதா? நிறை பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கவேயில்லை.

பிறகு வினாக்கொத்தின் கேள்வியையும் திருப்பி எழுதுங்கள். “சிட்டைக்கு இலக்கம் உண்டா?” என்பதைவிட, “சிட்டை இல்லாமல் மீன் துறையை விட்டு வெளியே போக முடியுமா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ‘ஆம்’ சொல்வது சுலபம். இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றால் அங்கேதான் ஓட்டை.

இதெல்லாம் முடிந்த பிறகே சோதனை. அதையும் ஏலம் கூறியவரின் கொப்பியிலிருந்து தொடங்கிச் சிட்டைக்கு வாருங்கள், மறுபக்கமாக அல்ல. அவரும் எழுதுநரும் கூட்டுச் சேர்ந்தால் கொப்பியிலும் அந்த மூன்று கூறல் இருக்காது. அந்தச் சந்தேகம் இருந்தால் வியாபாரிகளிடமும் தொழிலாளிகளிடமும் நேரடியாக அவர்களுடைய கணக்கைக் கேட்டுப் பொருத்துங்கள். ஒருநாள் கூடவே நடந்தது, கட்டுப்பாடு அன்றைக்கு இருந்தது என்பதை மட்டுமே காட்டும். வருடம் முழுவதும் இருந்ததா என்பதற்கு வெவ்வேறு மாத நாட்களிலிருந்து மாதிரி எடுக்கத்தான் வேண்டும். மீன் குறைவான நாளில் மட்டும் எடுத்தால் அவசர நாளின் கொப்பி தப்பிவிடும்.

கட்டுப்பாடே இல்லையென்று படம் காட்டினால், அதைச் சோதித்து நேரத்தை விடாதீர்கள். குறையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வருமானத்தையே நேரடியாகச் சரிபாருங்கள்.

போன வருடப் படம் கையில் வந்தால் திகதியை மாற்ற வேண்டாம். விடிய ஐந்து மணிக்குத் துறைக்குப் போங்கள். அந்த மூன்று கூறலும் மூன்று தொழிலாளிகளின் ஒரு நாள் உழைப்பு. உங்கள் படத்தில் கொப்பிக்கு இடமில்லாவிட்டால், அந்த உழைப்பைத் தேட ஒருவரும் இல்லை.