தூரத்து மின்னல்தான் நல்ல படம்

ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் தாம்பரம் பக்கம் மாடி வீட்டில் மேற்கு ஜன்னலைத் திறந்தால், காஞ்சிபுரம் திசையில் வானம் விட்டுவிட்டு வெளுப்பதைப் பல நாள் பார்க்கலாம். இடிச்சத்தம் இருக்காது. இடி பொதுவாக 15, 20 கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. மின்னல் வெளிச்சமோ இரவில் அதைப்போலப் பல மடங்கு தூரம் தெரியும். மேகம் நம் தலைக்கு மேலே வந்துசேரும் முன் கிடைக்கும் இந்தச் சத்தமில்லாத நேரம்தான் செல்போனில் படமெடுக்க ஏற்றது. பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை, படமும் அப்போதுதான் நன்றாக வரும்.

இடிமேகம் ஒன்று 15 கிலோமீட்டர் உயரம் வளரக்கூடியது. 50 கிலோமீட்டர் தள்ளி நின்றால் அதன் உச்சி அடிவானத்திலிருந்து சுமார் 17 பாகைதான் எழும்பித் தெரியும். ஜூம் எதுவும் இல்லாமல், கீழே ஊர்க் கூரைகளும் மேலே தட்டையாக விரிந்த உச்சியுமாக முழு மேகமும் சட்டத்துக்குள் அடங்கிவிடும். அதே மேகம் 10 கிலோமீட்டருக்கு வந்தால் உச்சி 56 பாகைக்கு ஏறிவிடும். அப்போது கேமராவுக்குக் கிடைப்பது மேகத்தின் அடிவயிறும் மழைத்திரையும்தான்.

மின்னலைப் பார்த்ததும் பொத்தானை அழுத்துவது பயன்படாது. மேகத்திலிருந்து பாதை தரைக்கு இறங்க ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். கண் பார்த்து விரல் அசைய கால் நொடி ஆகும். ஆகவே ஷட்டரை முன்பே திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்கும் Pro பகுதியில் ISO 100, நேரம் 8 நொடி என்று வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்தது என எடுத்துக்கொண்டே போகலாம். பெரும்பாலான படங்கள் வெறும் இருட்டாகத்தான் இருக்கும், அவற்றை அழித்துவிடலாம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மின்னல் கோடு ஒளிர்வது சில கணங்கள்தான். ஷட்டர் 4 நொடி திறந்திருந்தாலும் 10 நொடி திறந்திருந்தாலும் அந்தக் கோட்டின் வெளிச்சம் மாறாது. நேரம் கூடினால் தெருவிளக்கும் வானமும்தான் வெளுக்கும், மின்னல் அகப்படும் வாய்ப்பும் கூடும். கோட்டின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது ISO. இருட்டாக இருக்கிறதே என்று அதை 800, 1600 என்று ஏற்றினால் மின்னல் தடித்த வெள்ளைப் பட்டையாக விழும், மயிரிழை போன்ற கிளைகள் வெளுப்பில் கரைந்துபோகும். அப்படி வந்தால் ISO-வை 50-க்கு இறக்குங்கள். கோடு நன்றாக இருந்து வானம் மட்டும் ஆரஞ்சாக வெளுத்திருந்தால் நேரத்தை 4 நொடியாகக் குறையுங்கள். போனில் உள்ள இரவுப் பயன்முறையை இதற்கு நம்ப வேண்டாம். அது பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலப்பது. அவற்றில் ஒன்றில் மட்டும் விழுந்த மின்னல் மங்கிப்போகலாம்.

ஃபோகஸைத் தூரத்து விளக்கு ஒன்றில் வைத்துப் பூட்டிவிடுங்கள். படத்தில் அந்த விளக்கு புள்ளியாக இல்லாமல் வட்டமாக உப்பித் தெரிந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது என்று அர்த்தம். ஜன்னல் கண்ணாடியைச் சாத்தி, அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்து, சுற்றி ஒரு கறுப்புத் துணியைச் செருகினால் உள்ளேயிருந்து வரும் பிரதிபலிப்பு போய்விடும். போன் ஆடாமல் இருக்க மர ஸ்டூலும் இரண்டு தடித்த புத்தகங்களும் போதும்.

முதல் இடி கேட்டதும் ஜன்னலை விட்டு விலகிவிட வேண்டும். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மழை தொடங்காத இடத்திலும் அது விழும். பால்கனியும் திறந்த திண்ணையும் வீட்டுக்குள் சேர்த்தி இல்லை. கையில் இருக்கும் செல்போன் மின்னலை இழுப்பதில்லை. ஆனால் சுவரில் மாட்டிய சார்ஜர் ஒயர் வழியாக அது உள்ளே வரலாம். தண்ணீர்க் குழாய் வழியாகவும் வரலாம். நம் வீட்டு ஜன்னல்களில் இருக்கும் இரும்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும், அதையும் தொடக்கூடாது. எனவே சார்ஜை முன்பே நிரப்பிக்கொண்டு, வீடியோவை ஓடவிட்டு, அறையின் உட்பக்கம் போய் உட்கார்ந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துப் போனை எடுத்தால் போதும்.

பகலில் எடுப்பவர்களுக்கும், நேரத்தையும் ISO-வையும் நாமே வைக்க வழியில்லாத ஐபோன் கேமராவுக்கும் வீடியோதான் வழி. திரையில் AE/AF LOCK என்று வரும்வரை விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் அரை நொடி மின்னல் 15 படங்களில் பதிவாகும். அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால் அதே பாதை அணைந்து மறுபடி எரிவது தெரியும். ஒரே தடத்தில் மூன்று, நான்கு முறை மின்சாரம் பாய்வதுதான் அது. சில படங்களில் மேல்பாதி இருண்டும் கீழ்ப்பாதி வெளுத்தும் கத்தரித்தாற்போல இருக்கும். போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கேமராவின் உணரி படத்தை வரிவரியாகப் படிக்கிறது, அது பாதி வரிகளைப் படித்து முடித்தபோது மின்னல் வெட்டியிருக்கிறது.